இரண்டு மூலங்களுக்கு நடுவே ஒரு மூலம்: றோலின் தேற்றத்தைப் பல்லுறுப்பிகளில் பயன்படுத்தும் முறை

முதலில் ஒரு கணக்கு.

```
5x⁴ − 40x³ + 105x² − 100x + 24 = 0
```

இந்தச் சமன்பாட்டுக்கு நான்கு வெவ்வேறு மெய் மூலங்கள் உண்டு என்றும், அவை 0, 1, 2, 3, 4 ஆகிய எண்களின் இடைவெளிகளில் ஒவ்வொன்றாக அமைகின்றன என்றும் காட்ட வேண்டும். மூலங்களின் பெறுமானங்களைக் கேட்கவில்லை. அவை இருக்கின்றன என்பதையும், எந்த இடைவெளியில் இருக்கின்றன என்பதையும் மட்டுமே கேட்கிறார்கள். திருகோணமலையில் என்னிடம் இணைந்த கணிதம் படிக்க வரும் உயர்தர மாணவர்களில் பெரும்பாலோர் இதைக் கண்டவுடன் காரணிப்படுத்த முயல்வார்கள். முழுவெண் மூலம் எதுவும் அகப்படாது. பக்கம் நிறைந்துவிடும், விடை வராது.

இடப்பக்கத்தில் இருக்கும் நாற்படிப் பல்லுறுப்பி வேறொன்றின் பெறுதி என்பதைக் கண்டுகொண்டால் கணக்கு சில வரிகளில் முடிந்துவிடும். அந்தச் சில வரிகளை எப்படி எழுதுவது, ஒவ்வொரு வரியும் எதன்மேல் நிற்கிறது, எங்கே வழுக்கும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

தேற்றம் சொல்வது என்ன

f என்ற சார்பு மூடிய ஆயிடை [a, b] இல் தொடர்ச்சியானது; திறந்த ஆயிடை (a, b) இல் வகையிடத்தக்கது; மேலும் f(a) = f(b). இந்த மூன்றும் உண்மையானால், a இற்கும் b இற்கும் இடையே f′(c) = 0 ஆகும்படி குறைந்தது ஒரு c இருக்கும். இதுவே றோலின் தேற்றம்.

கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறி, அதே வாசலுக்குத் திரும்பி வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். புறப்பட்ட உயரமும் வந்து சேர்ந்த உயரமும் ஒன்று. இடையில் அவர் ஏறியிருக்கிறார். ஆகவே ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் ஓரிடம் கட்டாயம் உண்டு. பாதை வழுவழுப்பானதாக இருந்தால் அந்த இடத்தில் அதன் சாய்வு பூச்சியம். பாதை படிக்கட்டாக இருந்தால் உச்சி ஒரு கூர்விளிம்பாக அமையலாம். அங்கே சாய்வு என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. தேற்றம் வகையிடத்தக்க தன்மையைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

a, b இரண்டும் ஒரு பல்லுறுப்பி p இன் மூலங்கள் என்றால் p(a) = 0, p(b) = 0. முனைப் பெறுமானங்கள் சமமாகிவிட்டன. பல்லுறுப்பி எங்கும் தொடர்ச்சியானது, எங்கும் வகையிடத்தக்கது. எனவே மூன்று நிபந்தனைகளும் தாமாகவே நிறைவேறுகின்றன. p இன் இரண்டு வெவ்வேறு மெய் மூலங்களுக்கு இடையே p′ இற்கு ஒரு மெய் மூலமாவது உண்டு.

தாமாக நிறைவேறுவதால் அவற்றை எழுத வேண்டியதில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பின்வரும் சார்பைப் பாருங்கள்.

```
f(x) = x − 1/x
```

f(−1) = 0, f(1) = 0. ஆனால் f′(x) = 1 + 1/x². இது ஒருபோதும் பூச்சியமாகாது. எப்போதும் 1 ஐ விடப் பெரியது. தேற்றம் பொய்த்துவிடவில்லை. x = 0 இல் f வரையறுக்கப்படவே இல்லை; [−1, 1] முழுவதும் தொடர்ச்சியானது என்ற முதல் நிபந்தனை அங்கேயே முறிந்துவிட்டது. நிபந்தனைகளை எழுதிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் இந்த இடத்தில் நின்று யோசிப்பார். இல்லாதவர் இல்லாத மூலம் ஒன்றை உண்டென்று "நிறுவி"விடுவார். ஆகவே பல்லுறுப்பிக் கணக்கிலும் "p ஒரு பல்லுறுப்பி, ஆகவே எங்கும் தொடர்ச்சியானதும் வகையிடத்தக்கதும் ஆகும்" என்ற ஒரு வரியை எழுதியே தீர வேண்டும்.

ஏன் இது உண்மை

மிசேல் றோல் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் (1652–1719) 1691 இல் இதற்கு நிறுவல் வெளியிட்டபோது, அது பல்லுறுப்பிகளுக்கானதாக மட்டுமே இருந்தது. அக்காலத்தில் புதிதாக வந்திருந்த நுண்கணிதத்தை அவர் கடுமையாக எதிர்த்தவர். அட்சரகணிதத்தை மட்டும் நம்பி இதைச் செய்தார். இன்று நுண்கணிதப் பாடத்தின் நடுவில் அவர் பெயர் நிற்கிறது. நாம் இன்றைய நிறுவலையே பார்ப்போம்.

a, b என்பன p இன் மூலங்கள், a < b, p பூச்சியப் பல்லுறுப்பி அல்ல. பூச்சியமல்லாத பல்லுறுப்பிக்கு முடிவுள்ள எண்ணிக்கையிலேயே மூலங்கள் இருக்க முடியும். எனவே a இற்கும் b இற்கும் இடையே எங்கோ p பூச்சியமல்லாத பெறுமானம் எடுக்கிறது. அது நேர்ப் பெறுமானம் என்று கொள்வோம். மறையானால் p இற்குப் பதில் −p ஐ எடுத்தால் போதும்.

மூடிய ஆயிடையில் தொடர்ச்சியான சார்பு அங்கே தன் உயர்ந்தபட்சப் பெறுமானத்தை அடையும். அதை அடையும் இடம் c எனில் p(c) > 0. முனைகளில் p பூச்சியம் என்பதால் c ஒரு முனையாக இருக்க முடியாது. அது உள்ளே இருக்கிறது. நிறுவலின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. c உள்ளே இருப்பதால்தான் அதன் இரு பக்கங்களில் இருந்தும் அதை அணுக முடிகிறது.

c இற்கு இடப்பக்கத்தில் x ஐ எடுத்தால் p(x) − p(c) ≤ 0, x − c < 0. ஆகவே அவற்றின் விகிதம் பூச்சியம் அல்லது நேர். வலப்பக்கத்தில் எடுத்தால் அதே விகிதம் பூச்சியம் அல்லது மறை. p வகையிடத்தக்கது என்பதால் x ஆனது c ஐ அணுகும்போது இரு பக்க எல்லைகளும் p′(c) என்ற ஒரே எண்ணுக்குச் செல்ல வேண்டும். குறைந்தது பூச்சியமாகவும் கூடியது பூச்சியமாகவும் இருக்க வேண்டிய எண் பூச்சியம் மட்டுமே. எனவே p′(c) = 0.

இந்த நிறுவல் c எங்கே இருக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். "இருக்கிறது" என்பதோடு நிற்கிறது.

கணக்குக்கு வருவோம்

நமது நாற்படிப் பல்லுறுப்பி எதன் பெறுதி? உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டுப் பாருங்கள்: x⁵ − 10x⁴ + 35x³ − 50x² + 24x என்று வரும். தொகையீட்டு மாறிலியைப் பூச்சியமாக வைத்துக்கொள்கிறோம். ஏனென்றால் கணக்கே 0, 1, 2, 3, 4 என்ற எண்களைத் தந்திருக்கிறது; அவை மூலங்களாகும்படி மாறிலியைத் தெரிவுசெய்வதே நம் வேலை. பெருக்கிப் பார்த்தால்,

```
p(x) = x(x − 1)(x − 2)(x − 3)(x − 4)
     = x⁵ − 10x⁴ + 35x³ − 50x² + 24x
```

இனி விடையை எழுதலாம்.

p ஒரு பல்லுறுப்பி. ஆகவே எங்கும் தொடர்ச்சியானதும் வகையிடத்தக்கதும் ஆகும். p(0) = p(1) = p(2) = p(3) = p(4) = 0. [0, 1] என்ற ஆயிடையில் றோலின் தேற்றத்தின்படி p′(c₁) = 0 ஆகும்படி (0, 1) இல் ஒரு c₁ உண்டு. அவ்வாறே (1, 2), (2, 3), (3, 4) ஆகியவற்றில் முறையே c₂, c₃, c₄ உண்டு. இந்த நான்கு திறந்த ஆயிடைகளும் ஒன்றோடொன்று பொது உறுப்பு இல்லாதவை. ஆகவே c₁, c₂, c₃, c₄ வெவ்வேறானவை. p′ இன் படி 4; ஆகவே அதற்கு நான்குக்கு மேல் மூலங்கள் இருக்க முடியாது. எனவே p′ இற்குச் சரியாக நான்கு மெய் மூலங்கள் உண்டு. ஒவ்வோர் ஆயிடையிலும் சரியாக ஒன்று.

இந்தப் பத்தியில் உள்ள மூன்று முடிவுகளைப் பிரித்துப் பாருங்கள். றோலின் தேற்றம் தருவது "குறைந்தது ஒன்று" என்பதை மட்டுமே. "வெவ்வேறானவை" என்பது ஆயிடைகள் ஒன்றின்மேல் ஒன்று விழாததால் கிடைக்கிறது. "சரியாக ஒன்று" என்பது படியில் இருந்து வருகிறது. மூன்று முடிவுகளுக்கு மூன்று காரணங்கள். எல்லாவற்றையும் "றோலின் தேற்றத்தின்படி" என்ற சொல்லின்கீழ் அடுக்கிவிட்டால் நிறுவலில் இரண்டு ஓட்டைகள் விழும். விடைத்தாள்களில் நான் அதிகம் காணும் குறை இதுதான். தேற்றத்தை அறியாததால் வருவது அல்ல இது. தேற்றத்தின் மேல் அதனால் தாங்க முடியாததை ஏற்றுவதால் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், c₁ நடுவில்தானே இருக்கும், 0.5 இல்?"

இரண்டே மூலங்களுள்ள இருபடிப் பல்லுறுப்பியில் அது உண்மை. அதன் வளையி சமச்சீரானது. அங்கிருந்துதான் இந்த எண்ணம் வருகிறது. இங்கே அது உண்மை அல்ல. t = x − 2 என்று எழுதினால் p ஆனது t⁵ − 5t³ + 4t ஆகும்; பெறுதி 5t⁴ − 15t² + 4. t² இல் இது இருபடிச் சமன்பாடு; t² = (15 ± √145)/10. கணித்துப் பார்த்தால் x இன் பெறுமானங்கள் அண்ணளவாக 0.356, 1.456, 2.544, 3.644. முதலாவது மூலம் 0.5 ஐ விட்டு வெளிப்பக்கமாக, 0 ஐ நோக்கி, நன்றாகவே விலகியிருக்கிறது. உள்ளே இருக்கும் இரண்டும் நடுப்புள்ளிக்குச் சற்று அருகில் இருக்கின்றன. ஆனாலும் நடுவில் இல்லை. "c = 0.5" என்று எழுதியவர் பிரதியிட்டுச் சரிபார்த்தால் உடனே தெரிந்துவிடும்: அங்கே p′ இன் பெறுமானம் −4.4375.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. p′(0) = 24, p′(1) = −6, p′(2) = 4, p′(3) = −6, p′(4) = 24; குறி மாறிக்கொண்டே வருகிறது. இடைப்பெறுமானத் தேற்றமே போதாதா? இந்தக் கணக்குக்குப் போதும். அப்படி எழுதினாலும் சரியான விடையே. மூலங்கள் அனைத்தும் தனிமூலங்களாக இருக்கும்போது அவற்றில் பெறுதியின் குறி இப்படித்தான் மாறி மாறி வரும். ஆனால் மூலங்களின் பெறுமானங்கள் தெரியாதபோது பிரதியிட எதுவும் இல்லை. மூலங்கள் மீளும்போது பெறுதி அங்கேயே பூச்சியமாகிவிடுகிறது; குறி பார்க்க வழியில்லை. றோலின் தேற்றம் இந்த இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. அது வெளிப்படும் கணக்கு அடுத்தது.

மீளும் மூலங்கள்

(x² − 1)³ இன் மூன்றாம் பெறுதிக்கு −1 இற்கும் 1 இற்கும் இடையே மூன்று வெவ்வேறு மெய் மூலங்கள் உண்டு என்று காட்டுக.

p(x) = (x² − 1)³ இற்கு −1, 1 என்ற இரண்டே மூலங்கள்; ஒவ்வொன்றும் மும்முறை மீள்கிறது. றோலின் தேற்றத்தை ஒருமுறை பயன்படுத்தினால் இடையில் ஒரு மூலம் கிடைக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை எப்படி அடைவது? இந்த இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

மீளும் மூலம் ஒவ்வொன்றும் பெறுதியிலும் தங்குகிறது. மடங்கு மட்டும் ஒன்றால் குறைகிறது. p இல் (x − 1)³ காரணியாக இருந்தால் p′ இல் (x − 1)² இருக்கும், p″ இல் (x − 1) இருக்கும். பெருக்கல் விதியை ஒருமுறை எழுதினால் இது புலப்படும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் நம் கையில் இருப்பவை இரண்டு வகை: முனைகளில் இன்னும் தங்கியிருக்கும் −1, 1, முந்தைய கட்டத்தில் றோல் தந்த உள்மூலங்கள்.

p இல்: மூலங்கள் −1, 1. இவற்றுக்கு இடையே p′ இற்கு ஒரு மூலம் α உண்டு.

p′ இல்: −1, 1 இரண்டும் இன்னும் மூலங்கள், α உம் மூலம். ஆக −1 < α < 1 என மூன்று. [−1, α], [α, 1] ஆகியவற்றில் தனித்தனியே தேற்றத்தைப் பயன்படுத்தினால் p″ இற்கு உள்ளே β, γ என்ற இரண்டு மூலங்கள்.

p″ இல்: −1, 1 இன்னும் தங்கியிருக்கின்றன. −1 < β < γ < 1 என நான்கு மூலங்கள். அவற்றுக்கிடையே மூன்று ஆயிடைகள். எனவே p‴ இற்கு உள்ளே மூன்று மூலங்கள். p இன் படி 6, ஆகவே p‴ இன் படி 3. மூன்றுக்கு மேல் இருக்க முடியாது. வேலை முடிந்தது.

α, β, γ எவையென்று நாம் ஓரிடத்திலும் கேட்கவில்லை. அவற்றின் பெறுமானம் தெரியாமலே அவற்றை அடுத்த கட்டத்துக்கு முனைகளாகப் பயன்படுத்தினோம். இந்த வலிமைக்காகத்தான் இந்தத் தேற்றத்தை நான் விரும்புகிறேன்.

சரிபார்க்க விரும்பினால் நேரடியாகவே வகையிடலாம்.

```
p′(x) = 6x(x² − 1)²
p″(x) = 6(x² − 1)(5x² − 1)
p‴(x) = 24x(5x² − 3)
```

α = 0; β, γ = ∓1/√5; கடைசி மூலங்கள் 0, ±√(3/5), அதாவது ஏறக்குறைய ±0.775. எல்லாம் சொன்ன இடத்திலேயே இருக்கின்றன. 3 இற்குப் பதில் n ஐ வைத்தாலும் இதே வாதம் சொல்லுக்குச் சொல் செல்லும்: (x² − 1)ⁿ இன் n ஆவது பெறுதிக்கு (−1, 1) இல் n வெவ்வேறு மூலங்கள் உண்டு. அந்தப் பெறுதியைத் தகுந்த மாறிலியால் வகுத்தால் கிடைப்பவை லெஜண்டர் பல்லுறுப்பிகள். தொகையீட்டின் பெறுமானத்தை எண்முறையில் மதிப்பிடும் கௌசின் முறை இந்த மூலங்களைத்தான் புள்ளிகளாக எடுத்துக்கொள்கிறது. n = 10 இற்கு அந்த மூலங்களைக் கையால் கண்டுபிடிக்க யாரும் உட்காரமாட்டார்கள். அவை அனைத்தும் மெய்யானவை, வெவ்வேறானவை, உள்ளே இருப்பவை என்பதை மேலே உள்ள வாதம் முன்கூட்டியே உறுதிசெய்துவிடுகிறது.

இங்கே நேரக்கூடிய பிழை ஒன்று உண்டு. p‴ இல் −1, 1 மூலங்கள் அல்ல, மும்மடங்கு தீர்ந்துவிட்டது. அதை மறந்து நான்காம் பெறுதிக்கும் இதே போல எண்ணினால் நான்கு மூலங்கள் வரும். ஆனால் p⁗ இன் படி 2. எண்ணிக்கை படியைத் தாண்டினால் எங்கோ ஒரு முனையைக் கூடுதலாக எண்ணியிருக்கிறீர்கள் என்று பொருள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் படியை எழுதிக்கொண்டே வந்தால் இந்தப் பிழை தானே அகப்படும்.

மறுதலை பிழை, ஆனால் மறுத்துரை பயன்படும்

பெறுதிக்கு மூலம் உண்டு என்பதால் p இற்கு இரண்டு மூலங்கள் உண்டு என்று சொல்ல முடியாது. x² + 1 இன் பெறுதி 2x; அதற்கு 0 மூலம். x² + 1 இற்கோ மெய் மூலமே இல்லை. தேற்றம் ஒரு திசையில் மட்டுமே செல்லும்.

அதை எதிர்மறையாக வாசித்தால் ஒரு நல்ல கருவி கிடைக்கிறது. ஓர் ஆயிடையின் உள்ளே p′ இற்கு மூலம் இல்லையென்றால், அந்த ஆயிடையில் p இற்கு இரண்டு வெவ்வேறு மூலங்கள் இருக்க முடியாது. இருந்திருந்தால் அவற்றுக்கு நடுவே p′ இன் மூலம் ஒன்று இருந்திருக்கும்.

k எந்த மெய்யெண்ணாக இருந்தாலும் x³ − 3x + k = 0 இற்கு [0, 1] இல் இரண்டு வெவ்வேறு மூலங்கள் இருக்க முடியாது என்று காட்டுக என்ற கணக்கு இவ்வகையானது. இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 0 ≤ a < b ≤ 1. p(a) = p(b) = 0 என்பதால் a < c < b என்ற ஒரு c இல் p′(c) = 3c² − 3 = 0; ஆகவே c = 1 அல்லது c = −1. ஆனால் 0 < c < 1. முரண்பாடு.

தேற்றம் c ஐ முனையில் தராமல் கண்டிப்பாக உள்ளே தருவதுதான் இங்கே கணக்கைக் காப்பாற்றுகிறது. p′ இன் மூலமான 1 நம் ஆயிடையின் முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. "0 ≤ c ≤ 1" என்று தளர்வாக எழுதினால் c = 1 அனுமதிக்கப்பட்டுவிடும்; முரண்பாடு கிடைக்காது. ஆகவே a < c < b என்ற கண்டிப்பான சமனிலியை அப்படியே எழுதுங்கள். k ஐப் பற்றி எதுவும் கேட்காததற்கும் காரணம் எளிது: வகையிடும்போது மாறிலி மறைந்துவிடுகிறது. k = 5 ஆனால் [0, 1] இல் மூலமே இல்லை; k = 1 ஆனால் p(0) = 1, p(1) = −1 என்பதால் இடைப்பெறுமானத் தேற்றப்படி அங்கே ஒன்று உண்டு, நாம் நிறுவியபடி ஒன்றே ஒன்றுதான் உண்டு.